சிஜிபிஏ 6.6, கணக்குப் பாடங்களில் அரியர்: எம்.எஸ். விண்ணப்பத்துக்கு முன் எதைச் சரிசெய்யலாம்?

வைப்பாறு:
வணக்கம். 2018-இல் சேர்ந்து 2022-இல் இசிஇ முடித்தேன், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு தனியார் கல்லூரி. சிஜிபிஏ 6.6. இரண்டாவது செமஸ்டரில் எம்-2, மூன்றாவது செமஸ்டரில் லீனியர் ஆல்ஜீப்ரா, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று மொத்தம் நான்கு அரியர். எல்லாவற்றையும் கொரோனா கால ஆன்லைன் தேர்வில் எழுதி முடித்துவிட்டேன். கடைசி நான்கு செமஸ்டர் சராசரி 7-ஐத் தொட்டது, முதல் நான்கும் 6.2 பக்கம்.

இப்போது ஒரகடம் பக்கம் வண்டிகளுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சோதிக்கும் வேலை. கன்ட்ரோல்ஸ் அல்லது ரோபாட்டிக்ஸில் எம்.எஸ். போக ஆசை, அமெரிக்கா அல்லது ஜெர்மனி. ஏஜென்ட் ஒருவர் ‘மார்க்கை மறக்கடிக்கிற மாதிரி எஸ்ஓபி எழுதித் தருகிறோம்’ என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உண்மையில் ஒரு வருடம் உழைக்கத் தயார், ஆனால் எதில் உழைப்பது என்பதுதான் கேள்வி. கோர்ஸா, ஆராய்ச்சி வேலையா, இல்லை காரணத்தை எழுதினாலே போதுமா?

புல்லட்_பாண்டி:
நண்பா, இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அமெரிக்காவில் கடைசி இரண்டு வருட மார்க்கைத்தான் பார்ப்பார்கள், உனக்கு அது 7. என்பிடெல்லில் ஒரு பத்து சர்ட்டிபிகேட் அடி, ஜிஆர்ஈயில் 325 எடு, ஒரு ஜர்னலில் பேப்பர் போடு, முடிந்தது. பேப்பர் போட இப்போதெல்லாம் ஒரு வாரம் போதும், பணம் கட்டினால் போட்டுவிடுகிறார்கள். என் ரூம்மேட் 6.8 வைத்துக்கொண்டு போனான்.

ஆகன்வாசி:
ஜெர்மனி பகுதியை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கதை வேறு. பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் உங்கள் இளங்கலை மதிப்பெண்ணை ஒரு சூத்திரத்தில் போட்டு ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். அதில் 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தப்பிப் பிழைத்த பாஸ்.

```
x = 1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

Nmax உங்கள் அளவில் உச்சம், அதாவது 10. Nd உங்கள் 6.6. Nmin பாஸுக்கான குறைந்தபட்சம். இந்தக் கடைசி எண்ணில்தான் எல்லாச் சண்டையும். பாஸ் 5 என்று எடுத்தால் 3.04 வரும். நிறைய எம்.எஸ்-களுக்கு 2.5 கேட்கிறார்கள், அதற்கு நீங்கள் 7.5 வைத்திருக்க வேண்டும். இங்கே ‘கடைசி இரண்டு வருடம்’ என்ற பேச்சே கிடையாது, முழு டிகிரிதான். என்பிடெல் சர்ட்டிபிகேட் பத்து இருந்தாலும் Nd அதே 6.6 தான், ஏனென்றால் அது உங்கள் டிகிரிக்குள் இல்லை. ஜெர்மன் தூதரகத்தின் ஏபிஎஸ் பிரிவு தரும் சான்றிதழும் ஆவணம் உண்மையானது என்று சொல்லுமே தவிர மதிப்பெண்ணை உயர்த்தாது.

விதிவிலக்கு உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை மாதிரி சில இடங்களில் மதிப்பெண்ணுக்கு, பாடப் பொருத்தத்துக்கு, எழுதி அனுப்பும் கட்டுரைக்கு என்று தனித்தனியாகப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். அங்கேயும் 3.04-ஐ வைத்துக்கொண்டு மற்றவற்றில் நிறைய வாங்க வேண்டியிருக்கும். கட்-ஆஃப் இல்லாத பயன்பாட்டு அறிவியல் பல்கலைகளில் சில எடுக்கும், ஆனால் நிரம்பி வழிகிறது.

வைப்பாறு:
அண்ணா, எங்கள் ரெகுலேஷனில் பாஸ் ஆன குறைந்தபட்ச கிரேடு ‘பி’, அதற்கு 6 பாயின்ட். 50 மார்க்தான் பாஸ் என்றாலும் கிரேடில் 5 என்பதே கிடையாது. அப்படியென்றால் Nmin 6 என்று வைப்பார்களா?

ஆகன்வாசி:
அங்கேதான் இடி. 6 வைத்தால் உங்களுக்கு 3.55 வரும், இன்னும் மோசம். 4 வைத்தால் 2.7. எதை வைப்பார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. யூனி-அசிஸ்ட் என்ற விண்ணப்பச் சேவை வழியாக முன்கூட்டியே மதிப்பெண் மாற்ற ஆவணம் வாங்கச் சொல்லும் பல்கலைகளுக்கு அதையே வாங்கிப் பார்த்துவிடுங்கள், ஊகத்தில் உட்கார வேண்டாம்.

கணக்கர்_63:
ஐயா, என் மகனும் இதே நிலைதான். பி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான், மூன்று அரியர் வைத்திருக்கிறான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். அதைக் காட்டி வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் இப்போதே எடுத்துக்கொள்வார்களா? எந்தக் கோர்ஸில் சேர்த்துவிடலாம்?

மேசை_விளக்கு:
கணக்கர் சார், உங்கள் மகனுடையது வேறு நிலைமை, அதுவும் நல்ல நிலைமை, ஏனென்றால் அவர் இன்னும் கல்லூரிக்குள் இருக்கிறார். வைப்பாறுக்கு முடிந்துபோன டிகிரி, உங்கள் மகனுக்கு இன்னும் நான்கு செமஸ்டருக்கு மேல் மிச்சம். வெளிக் கோர்ஸ் எதிலும் இப்போது சேர்க்காதீர்கள். அடுத்த தேர்வில் அந்த மூன்றையும் முடிப்பதுதான் வேலை. தேர்வு முடிவில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு ரீவேல்யுவேஷன் போடச் சொல்லுங்கள், நகலுக்கான கடைசித் தேதி சீக்கிரம் போய்விடும். முதுகலைக்கு பிளஸ் டூ மதிப்பெண் கிட்டத்தட்ட எடுபடாது.

வைப்பாறு, உங்களுக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலையில் பொறியியல் துறையில் பாடம் நடத்துகிறேன், அட்மிஷன் கமிட்டியில் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா இடமும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன்.

முதலில் பாண்டி சொன்ன கணக்கு. கடைசி இரண்டு வருடம் (கடைசி 60 கிரெடிட் என்பார்கள்) பார்க்கும் பல்கலைகள் உண்டு, எல்லாமே அப்படி அல்ல. பார்த்தாலும் உங்கள் 7 அவர்களுக்குக் கண்ணில் ஒட்டாது. பல பட்டதாரிப் பள்ளிகள் 4-க்கு 3.0 என்று ஒரு கோடு போட்டிருக்கும். 6.6-ஐ 0.4-ஆல் பெருக்கி 2.64 என்று நீங்களே எழுதிக் கழுத்தை அறுத்துக்கொள்ள வேண்டாம், 10-க்கு 6.6 என்று உள்ளபடி எழுதுங்கள். மாற்றச் சொன்னால் அவர்கள் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனம் பாடம் பாடமாக மாற்றட்டும். எப்படி மாற்றினாலும் நீங்கள் கோட்டுக்குப் பக்கத்திலோ கீழேயோதான் இருப்பீர்கள்.

அந்த இடத்தில் நடப்பது வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. கோட்டுக்குக் கீழே இருப்பவரைத் துறை எடுக்க விரும்பினால், பட்டதாரிப் பள்ளிக்கு விதிவிலக்கு கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஒரு பக்கம், சில சமயம் அரைப் பக்கம். ‘மதிப்பெண் குறைவு என்று தெரியும், ஆனாலும் இவர் எங்கள் முதல் செமஸ்டரைத் தாங்குவார் என்று நம்ப இன்னின்ன காரணம்’ என்று பேராசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காரணங்களை நாங்கள் உங்கள் கோப்பிலிருந்துதான் எடுக்க முடியும். ‘ஆர்வமுள்ளவர், கடின உழைப்பாளி’ என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். ‘எங்கள் லீனியர் சிஸ்டம்ஸ் பாடத்துக்குத் தேவையான கணக்கில் முன்பு தோற்றார், பிறகு மேற்பார்வையுள்ள தேர்வில் இவ்வளவு வாங்கினார்’ என்றால் போகும். ஆகவே கோர்ஸ், ஆராய்ச்சி, விளக்கம் எதைச் செய்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வைத்து அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுத முடியுமா?

புல்லட்_பாண்டி:
அப்போ என்பிடெல் பத்து இருந்தால் பத்து வரி எழுதலாமே 🙂

மேசை_விளக்கு:
எழுதலாம், ஒருவரும் படிக்கமாட்டார்கள். பத்துச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் பைத்தான் அறிமுகம், தொழில்முனைவு, மென்திறன் என்று சேர்ந்துகொண்டே போகும், கணக்கில் ஒன்றுகூட இருக்காது. வைப்பாறு தோற்ற நான்கில் எம்-2, லீனியர் ஆல்ஜீப்ரா, சிக்னல்ஸ் மூன்றும் கணக்கேதான், கன்ட்ரோலும் பாதி கணக்கு. படிக்கக் கேட்பதோ கன்ட்ரோல்ஸ். எந்தக் கமிட்டிக்கும் முதல் பயம் அங்கேதான் வரும். இன்னொன்றும் இருக்கிறது, அந்த நான்கையும் அவர் முடித்தது ஆன்லைன் தேர்வில். இந்தியக் கோப்புகளைப் படித்துப் பழகியவர்கள் 2020, 2021 மதிப்பெண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறார்கள். நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நடக்கிறது.

எனவே இரண்டே பாடம் போதும்: லீனியர் ஆல்ஜீப்ரா, கன்ட்ரோல். இரண்டும் 12 வாரப் பாடமாக எடுங்கள். என்பிடெல்லில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வு மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அந்த 75-க்காகத்தான் அதற்கு மதிப்பு, வீட்டில் உட்கார்ந்து கிளிக் செய்து வாங்கும் சான்றிதழுக்கு அது கிடையாது. 90-க்கு மேல் தங்கம், 75-க்கு மேல் வெள்ளி என்று போடுவார்கள். வெள்ளிக்குக் கீழே வந்தால் கோப்பில் வைக்கவே வேண்டாம், அது பழைய சந்தேகத்தை உறுதிசெய்யும்.

ஜனவரி செமஸ்டரில் எழுதிவிடுங்கள். ஜூலை செமஸ்டரில் சேர்ந்தால் தேர்வு அக்டோபர், நவம்பருக்குப் போய்விடும், முடிவு கைக்கு வருவதற்குள் டிசம்பர் கடைசித் தேதிகள் நெருங்கிவிடும்.

நேர்பேச்சு:
சராசரியை உயர்த்தத்தானே கோர்ஸ்? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

மேசை_விளக்கு:
உயராது என்பதால்தான். பேச்சுக்கு டிகிரி 180 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். 6.6 வீதம் 1188 புள்ளி. அதோடு நான்கு பாடம், 12 கிரெடிட், எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து வாங்கினால் 1308-ஐ 192-ஆல் வகுக்க வேண்டும், 6.81. அதையும் யாரும் சேர்த்துக் கூட்டப்போவதில்லை. கோர்ஸ் எடுப்பது அந்தக் குறிப்பிட்ட ஓட்டையை அடைக்க, சராசரிக்காக அல்ல.

ஒற்றையடி:
இடையில் ஒன்று. வெளிநாட்டுப் பல்கலையின் கிரெடிட் உள்ள ஆன்லைன் கோர்ஸ் இன்னும் நல்லதில்லையா? கொலராடோ போல்டர் பல்கலையின் எலெக்ட்ரிகல் எம்.எஸ். கோர்ஸெராவில் இருக்கிறது. பழைய மார்க் ஷீட்டே கேட்பதில்லை, குறிப்பிட்ட பாடங்களைக் கிரெடிட்டுக்கு எடுத்து 3.0 சராசரி வைத்தால் அனுமதி. நான் அதில்தான் இரண்டு பாடம் முடித்தேன்.

மேசை_விளக்கு:
நல்ல வழிதான், பணம் இருந்தால். ஒரு கிரெடிட்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். கிடைப்பது அமெரிக்கப் பல்கலையின் டிரான்ஸ்கிரிப்ட், அதை எந்தக் கமிட்டியும் மொழிபெயர்க்காமல் படிக்கும். ஆனால் அது இருபக்கமும் வெட்டும். விண்ணப்பத்தில் கிரெடிட்டுக்குப் படித்த எல்லா நிறுவனத்தையும் காட்டச் சொல்வார்கள், அங்கே ‘சி’ வாங்கினால் மறைக்க முடியாது. முதலில் கிரெடிட் இல்லாமல் அதே பாடத்தின் வீடியோ, அசைன்மென்டைப் பார்த்துவிட்டு, ‘ஏ’ வரும் என்று கை சொன்னால் மட்டும் பணம் கட்டுங்கள். அந்த ஆன்லைன் எம்.எஸ்-ஐயே முடித்தாலும் அதற்கு மாணவர் விசா கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். வைப்பாறுக்கு நேரில் போய்ப் படிக்க ஆசையா, டிகிரி போதுமா என்பது அவர் முடிவு.

வைப்பாறு:
நேரில் போய், முடிந்தால் தீசிஸோடு படிக்கத்தான் ஆசை அக்கா. கோர்ஸ் புரிந்தது. ஆராய்ச்சி வேலைதான் புரியவில்லை. பி.இ. 6.6-ஐ யார் லேபுக்குள் விடுவார்கள்? இந்த வேலையை விட்டுவிட்டால் வீட்டில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், தங்கை கல்லூரியில் இருக்கிறாள்.

சோதனைக்கூடம்:
நான் இதே கதைதான், இஇஇ, 6.4. ஒரு ஐஐடி லேபில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்தேன், ட்ரோன் சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட். இந்த வேலைகளுக்குப் பல்கலைகளின் ப்ராஜெக்ட் ஆட்சேர்ப்புப் பக்கத்தில் அறிவிப்பு வரும், ஐஐடி மெட்ராஸுக்கு ஐசி அண்ட் எஸ்ஆர் என்ற பிரிவின் பக்கம். கேட் மதிப்பெண் இருந்தால் சம்பளம் கூட, இல்லாவிட்டாலும் பி.இ-க்கு இடம் உண்டு. ‘முதல் வகுப்பு’ என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், நேர்காணலுக்கே கூப்பிடமாட்டார்கள்.

அறிவிப்புக்குக் காத்திருக்காமல் பேராசிரியர்களுக்கு மெயிலும் போட்டேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் ஆர்வம்’ வகை மெயில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு ஒருவருடைய பேப்பரில் இருந்த ஒரு படத்தை, அதாவது ட்ரோன் சாய்வுக் கோணத்தை மதிப்பிடும் வரைபடத்தை, நானே சிமுலேஷனில் மறுபடி வரைந்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே என்னுடையது விலகுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தேன். மறுநாளே பதில் வந்தது. விலகிய இடத்தைப் பற்றித்தான் கேட்டார்.

முதல் சில மாதம் கம்பி பற்றவைப்பதும் கொள்முதல் படிவம் நிரப்புவதும்தான், அதற்குப் பயப்படாதீர்கள். பிறகு ஒரு பிரச்சினை வந்தது. ட்ரோனின் முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் சரியாக வரும், திசைக் கோணம் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். சென்சார் தரமில்லை என்று எல்லோரும் வேறு சென்சார் வாங்கப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்து, இருக்கும் அளவீடுகளிலிருந்து எல்லாக் கோணத்தையும் கண்டுபிடிக்க முடியுமா என்று காட்டும் அப்சர்வபிலிட்டி மேட்ரிக்ஸின் ரேங்க்கைப் போட்டுப் பார்த்தேன். முழு ரேங்க் வரவில்லை. முடுக்கமானி புவியீர்ப்புத் திசையைத்தான் பார்க்கிறது, செங்குத்து அச்சைச் சுற்றி ட்ரோன் திரும்பினால் அதற்கு எதுவும் மாறாது, ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தக் கோணம் அதற்குத் தெரியாது. காந்தமானியின் அளவீட்டைச் சேர்த்ததும் நின்றது. பாடப்புத்தக விஷயம்தான், கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பேராசிரியர் என் பரிந்துரைக் கடிதத்தில் அதைத்தான் ஒரு பத்தி எழுதினார், இவருடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் லீனியர் ஆல்ஜீப்ரா பலவீனம் என்று தோன்றும், நான் பார்த்தது வேறு என்று. பெரும்பாலான பல்கலைகள் மறுத்தன, தீசிஸ் எம்.எஸ். ஒன்று கிடைத்தது. அங்கே போனபின் அட்வைசர் சொன்னது, அந்தப் பத்திக்காகத்தான் போனில் கூப்பிட்டாராம்.

புல்லட்_பாண்டி:
சரி சரி, ஆனால் பேப்பர் இருந்தால் அதைவிடப் பலம்தானே?

மேசை_விளக்கு:
எந்தப் பேப்பர் என்பதைப் பொறுத்தது பாண்டி. பணம் கட்டி ஒரு வாரத்தில் வரும் ஜர்னலை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்ததும் கோப்பில் மீதி எல்லாவற்றையும் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பிப்பார்கள். பேப்பரே இல்லாமல் சோதனைக்கூடம் சொன்ன மாதிரி ஒரு கடிதம் இருப்பது நூறு மடங்கு மேல். ஜிஆர்ஈ பற்றியும் சொன்னீர்கள். கேட்கும் இடத்துக்கு நல்ல க்வான்ட் மதிப்பெண் உதவும், ஆனால் அது பள்ளிக்கூடக் கணக்கு, லீனியர் ஆல்ஜீப்ராவில் தோற்றதற்குப் பதில் ஆகாது.

வைப்பாறு, வேலையை விட முடியாவிட்டால் விடாதீர்கள். பழைய கல்லூரி ஆசிரியர் ஒருவரோ பக்கத்தில் பி.எச்டி. செய்யும் ஒருவரோ வாரக் கடைசியில் உங்களோடு ஒரு சிறிய பிரச்சினையில் வேலை செய்தால் போதும், ஆறு மாதமாவது தொடர்ந்து நடக்க வேண்டும். உங்கள் வேலையிலேயே விஷயம் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிக்கிறீர்கள் என்றால் சோதனைத் தரவு கைவசம் உண்டு, நிறுவனத் தரவை வெளியே எடுக்காமல் அதேபோன்ற ஒரு மோட்டார் மாதிரியை வீட்டில் கட்டலாம். கடிதம் எழுதுபவர் நீங்கள் தவறான விடையிலிருந்து சரியான விடைக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அது முக்கியம், லேபின் பெயர் இரண்டாவது.

நேர்பேச்சு:
எல்லாம் சரி, விளக்கம் எழுதத்தான் வேண்டுமா? நான் எழுதவில்லை. 6.9 தான் எனக்கும். குறையை நாமே சுட்டிக்காட்டுவது ஏன்? அவர்களுக்கே கண் இருக்கிறது.

வைப்பாறு:
நான் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன், தமிழில் அதன் சாரம் இது. திட்டலாம்:

‘வாழ்க்கை எனக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு பெரும் சோதனையைக் கொடுத்தது. எங்கள் கல்லூரியில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. கொரோனா பெருந்தொற்று உலகையே முடக்கிய அந்தக் காலத்தில் இணைய வசதியின்றித் தவித்தேன். ஆயினும் மனம் தளராமல் நான்கு பாடங்களையும் வென்று, கடைசி ஆண்டில் உயர்ந்தேன். தோல்விகளே என்னைச் செதுக்கின.’

மேசை_விளக்கு:
திட்டவில்லை, ஒரு கேள்வி. மூன்றாவது செமஸ்டர் தேர்வு எந்த மாதம்?

வைப்பாறு:
2019 நவம்பர்.

மேசை_விளக்கு:
கொரோனா ஊரடங்கு 2020 மார்ச்சில். உங்கள் மதிப்பெண் பட்டியலில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். படிப்பவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிப்பார். இந்த ஒரு வரி போதும், மீதி எதையும் நம்பமாட்டார். ஆசிரியர் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதே வகுப்பில் பாஸ் ஆனவர்கள் இருப்பார்கள் அல்லவா. உண்மையில் என்னதான் நடந்தது? இங்கே உங்களை யாருக்கும் தெரியாது, சொல்லுங்கள்.

வைப்பாறு:
உண்மை சொன்னால் சப்பென்று இருக்கும் அக்கா. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை, பணக் கஷ்டமும் அப்போது பெரிதாக இல்லை. பிளஸ் டூ வரை முந்தைய வினாத்தாள்களை மனப்பாடம் பண்ணியே மார்க் வாங்கினேன், காலேஜில் அது வேலைக்கு ஆகவில்லை. அப்புறம் எலெக்ட்ரிக் கோ-கார்ட் டீமில் சேர்ந்து ராத்திரி பகலாக அதிலேயே கிடந்தேன், கணக்கு வகுப்புக்கு அட்டெண்டன்ஸுக்கு மட்டும் போவேன். அவ்வளவுதான். இதை எப்படி எழுதுவது?

மேசை_விளக்கு:
இதையே எழுதுவது. இதுதான் நல்ல காரணம், ஏனென்றால் நம்பும்படி இருக்கிறது, மாறிவிட்டதா என்று சோதிக்கவும் முடிகிறது. எஸ்ஓபிக்குள் வேண்டாம், கூடுதல் தகவல் என்று விண்ணப்பத்தில் தனிப் பெட்டி இருக்கும் இடத்தில் போடுங்கள். இப்படி:

‘2019-இல் இரண்டாம், மூன்றாம் செமஸ்டர்களில் நான்கு பாடங்களில் தோற்றேன், எல்லாம் கணிதமோ கணிதத்தைச் சார்ந்தவையோ. பள்ளியில் மனப்பாடமாகப் படித்த முறை கல்லூரிக் கணிதத்துக்குப் போதவில்லை, அதே சமயம் எலெக்ட்ரிக் கோ-கார்ட் அணிக்கு வகுப்பை விட அதிக நேரம் கொடுத்தேன். நான்கையும் 2021-இல் முடித்தேன். அந்தத் தேர்வுகள் ஆன்லைனில் நடந்தவை என்பதால் லீனியர் ஆல்ஜீப்ராவையும் கன்ட்ரோலையும் பிறகு மேற்பார்வையுள்ள தேர்வாக மீண்டும் எழுதினேன், மதிப்பெண் __, __. அந்தப் பாடங்களைப் பயன்படுத்திச் செய்த வேலையைப் பற்றி என் பரிந்துரையாளர் எழுதியிருக்கிறார்.’

அவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், ‘செதுக்கின’ வேண்டாம். காலியிடங்களை நிரப்பாமல் இதை அனுப்பினால் அது வெறும் வாக்குமூலம். நேர்பேச்சுக்கும் பதில் இதுதான்: நிரப்ப ஒன்றும் இல்லாவிட்டால் நீங்கள் செய்தது சரி, எழுதாமல் விடுவதே நல்லது.

நேர்பேச்சு:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோ-கார்ட்டை எழுதினால் பொறுப்பில்லாதவன் என்று தோன்றாதா? என் பார்வையில் அந்த வாக்கியத்தை வெட்டிவிடலாம்.

சோதனைக்கூடம்:
எனக்கு அது இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கன்ட்ரோல்ஸ் படிக்கக் கேட்பவன் மோட்டாரோடு கிடந்தேன் என்றால் ஒட்டுகிறது. வெறும் ‘சரியாகப் படிக்கவில்லை’ என்றால்தான் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள்.

மேசை_விளக்கு:
கமிட்டியில் இரண்டு பேர் இருந்தால் இந்த விஷயத்தில் இரண்டு கருத்து இருக்கும். நான் வைத்திருப்பேன்.

ஆகன்வாசி:
ஜெர்மனிக்கு இந்த விளக்கப் பெட்டியே பல இடத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூத்திரம் விளக்கம் படிக்காது. இங்கேயே எம்.இ. முடித்துவிட்டு வரலாமா என்று கேட்பார்கள், பெரும்பாலும் எம்.எஸ். சேர்க்கைக்கு மறுபடி பி.இ. மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். எம்.இ. வைத்துக்கொண்டு பி.எச்டிக்கு வருவது வேறு பாதை, அங்கே பேராசிரியர் நேரடியாக முடிவு செய்வார், முதுகலை மதிப்பெண்ணும் தீசிஸும் பேசும்.

ஒற்றையடி:
அப்படியானால் வைப்பாறு பகுதி நேர எம்.இ. சேர்ந்து 8.5 வாங்கி, அப்புறம் அமெரிக்காவுக்கே பி.எச்டிக்குப் போட்டால்? இரண்டு பாடத்தைவிட முழு டிகிரி பலம் அல்லவா?

மேசை_விளக்கு:
பலம்தான், மறுக்கவில்லை. புது டிகிரியின் மதிப்பெண் பழையதை உண்மையாகவே பின்னால் தள்ளும். ஆனால் பகுதி நேரம் என்றால் மூன்று வருடம், இங்கே பேசுவது ஒரு வருடம். பி.எச்டி. வேண்டுமென்றால் எம்.இ., தீசிஸ் எம்.எஸ். என்றால் இரண்டு பாடமும் ஒரு நல்ல கடிதமும் என்பது என் கருத்து. இன்னொன்று, தீசிஸ் இல்லாத பாட எம்.எஸ்-க்கு விதிவிலக்குக் கடிதம் எழுத எந்தப் பேராசிரியருக்கும் பொதுவாக நேரம் இருக்காது, நிறைய விண்ணப்பம் வரும், கோட்டுக்குக் கீழே இருப்பதை ஒதுக்கிவிடுவார்கள். யாராவது ஒருவருக்கு உங்கள் வேலை தேவைப்படும் இடங்களுக்குப் போடுங்கள், அவருக்கு முன்கூட்டியே மெயில் போடுங்கள்.

கணக்கர்_63:
மகனிடம் இந்த இழையைக் காட்டினேன். அவன் எனக்குத் தெரியாமல் இதே கோ-கார்ட் டீமில்தான் இருக்கிறானாம்.

வைப்பாறு:
ஐயா 😄 டீமை விடச் சொல்லாதீர்கள், கணக்கு வகுப்பை விட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

என் முடிவைச் சொல்கிறேன். ஜெர்மனிக்கு யூனி-அசிஸ்டில் மதிப்பெண் மாற்றம் மட்டும் வாங்கிப் பார்ப்பேன், 3-க்கு மேல் வந்தால் அந்தப் பக்கம் பணம் செலவழிக்கப் போவதில்லை. ஜனவரியில் லீனியர் ஆல்ஜீப்ரா, கன்ட்ரோல் இரண்டும். பழைய கல்லூரியில் ஒரு மேடம் இப்போது பி.எச்டி. செய்கிறார், மோட்டார் வேகக் கட்டுப்பாடுதான் அவருடைய விஷயம், கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை வரச் சொன்னார். ஒரு சந்தேகம்: அவர் உதவிப் பேராசிரியர், பி.எச்டி. இன்னும் முடிக்கவில்லை. அவர் கடிதம் எழுதினால் எடுபடுமா, இல்லை துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா?

மேசை_விளக்கு:
அவரே எழுதட்டும். துறைத் தலைவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார், அவர் கடிதம் ‘ஒழுக்கமான மாணவர்’ என்பதோடு நின்றுவிடும். மேடம் தன் கடிதத்தில் எத்தனை மாதம், வாரம் எவ்வளவு நேரம், எந்த வேலை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் போதும். கல்லூரி மெயில் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள், ஜிமெயிலில் வரும் பரிந்துரையைச் சில போர்ட்டல்கள் சந்தேகத்தில் நிறுத்திவிடுகின்றன. மற்ற இரண்டு கடிதத்தில் ஒன்று உங்கள் வேலை மேலாளரிடமிருந்து வரட்டும்.

சோதனைக்கூடம்:
டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்துவிடு தம்பி. அரியர் எழுதிய பட்டியல்கள் எல்லாவற்றின் நகலும் தேவைப்படும், தோற்ற செமஸ்டரின் பட்டியலும் சேர்த்து. அதை விட்டுவிட்டு முடித்த பட்டியலை மட்டும் அனுப்பியவர்களுக்கு ‘ஆவணம் முழுமையில்லை’ என்று திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.